வீட்டுக்குப் போகும் மேஜையும் போக முடியாத டெஸ்ட் பெட்டும்

கேள்வி



கோவைக்கு அருகே பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 310 பேர். இதில் டிசைன், கணக்கு, பர்ச்சேஸ், விற்பனை, ஐ.டி. என்று அலுவலகப் பிரிவில் 76 பேர். மற்ற 234 பேரும் மெஷின் ஷாப், அசெம்பிளி, டெஸ்டிங், ஸ்டோர்ஸ், டிஸ்பேச் என்று ஆலைக்குள் இருப்பவர்கள். அலுவலகப் பிரிவினர் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஆபீஸ் வந்தால் போதும், மற்ற மூன்று நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எம்.டி. முடிவு செய்திருக்கிறார். அந்த இரண்டு நாளுக்கும் ‘ஆங்கர் டே’ என்று பெயர். அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு.

எழுதி முடிக்கும் முன்பே செய்தி கசிந்துவிட்டது. நேற்று டெஸ்டிங் பிரிவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சண்டை எதுவும் போடவில்லை. “எங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூட பதில் சொல்லியிருப்பேன். அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்கிறார் எம்.டி. இரண்டு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்படி அறிவிப்பை எப்படி எழுதுவது?

பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நான்கு பேரின் கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் கிடைத்தால் அறிவிப்பைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆகவே வாசகத்தைக் கடைசியில் பார்ப்போம்.

பம்பை டெஸ்ட் பெட்டில் ஏற்றி, தண்ணீர் ஓட்டி, அழுத்தம் பார்க்கிறவருக்குத் தெரியும், அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று. அதை அவர் கேட்கவும் இல்லை. பல ஆலைகளில் ஷாப் ஃப்ளோர் ஆட்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் குறை அநேகமாக இரண்டுதான். ஒன்று, வீட்டில் இருப்பவர்களின் வேலையில் ஒரு பங்கு தங்கள் தலையில் விழுகிறது. இரண்டு, தங்கள் நேரம் தங்கள் கையில் இல்லை. இந்த இரண்டையும் பணம் தீர்க்காது.

முதல் குறையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு ஸ்டோர்ஸ் வாசலில் காஸ்டிங் ஏற்றிய லாரி வந்து நிற்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் 200 என்று இருக்கிறது, டெலிவரி சலானில் 240 என்று இருக்கிறது. கூடுதல் 40-ஐ இறக்குவதா, திருப்பி அனுப்புவதா என்று பர்ச்சேஸ் ஆள் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. அவர் வேறு மீட்டிங்கில் இருக்கலாம், தப்பு எதுவும் செய்யாமலும் இருக்கலாம். ஆனால் மூன்று மணி நேரம் லாரி டிரைவரின் வசவை வாங்கிக்கொண்டு நிற்பவர் ஸ்டோர் கீப்பர். மதியம் அதே பர்ச்சேஸ் ஆள் போன் செய்து, “அண்ணா, என் மேஜையில ரெண்டாவது டிராயர்ல ஒரு ஃபைல் இருக்கும், எடுத்து போட்டோ அனுப்புங்க” என்கிறார். இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை நடந்தால், ஆலையில் இருப்பவர்கள் வீட்டில் இருப்பவர்களின் எடுபிடி ஆகிவிடுகிறார்கள். உற்பத்தி அறிக்கை எதிலும் இது வராது, மனசில் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

அதனால்தான் செவ்வாய், வியாழன் என்ற தேர்வை மறுபடி பார்க்கச் சொல்கிறேன். இந்த இரண்டு நாளையும் யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்? பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவாகியிருக்கும். வாரத் தொடக்கமும் கடைசியும் வீட்டில் இருக்க எல்லாருக்கும் பிடிக்கும், அது இயல்பு. ஆனால் ஆங்கர் டே என்பது, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தால்தான் நகரும் வேலைகளுக்காக ஒதுக்கும் நாள். உங்கள் ஆலையில் அப்படி நேரில் பார்க்க வேண்டியவர்கள் டிசைன் ஆளும் கணக்கு ஆளும் அல்ல. டிசைன் ஆளும் டெஸ்டிங் ஆளும், பர்ச்சேஸ் ஆளும் ஸ்டோர் கீப்பரும்தான். ஆகவே நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆலையைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஸ்டோர்ஸ், குவாலிட்டி, டெஸ்டிங், டிஸ்பேச் நான்கு இடத்திலும் ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டை வையுங்கள். அலுவலக ஆள் ஒருவரின் முடிவுக்காகவோ கையெழுத்துக்காகவோ வேலையை நிறுத்திக் காத்திருக்க நேர்ந்தால், நாள், யாருக்காக, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான்கு வாரம் போதும். மாதக் கடைசி அதற்குள் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் பில்லிங்கும் டிஸ்பேச்சும் அப்போதுதான் முட்டிக்கொள்ளும். எழுதினால் யாரையாவது மாட்டிவிடுவதாக ஆகும் என்று ஆட்கள் தயங்குவார்கள். பெயர் வேண்டாம், துறை போதும் என்று சொல்லிவிடுங்கள்.

நோட்டுகளைக் கூட்டிப் பார்த்ததில் திங்கள் 44 வரி, செவ்வாய் 17, புதன் 21, வியாழன் 16, வெள்ளி 35 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் வடிவம் இப்படித்தான் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆலை சனிக்கிழமையும் ஓடி, ஆபீஸ் அன்று மூடியிருந்தால், சனிக்கிழமை வந்த சரக்கின் சிக்கலெல்லாம் திங்கள் காலை மொத்தமாக வந்து நிற்கும். வாரத் திட்டமும் அன்றுதான் பேசப்படும். வெள்ளியன்று அனுப்ப வேண்டிய சரக்குக்கு இன்வாய்ஸ், இ-வே பில் என்று அவசரம். அப்படியானால் எம்.டி. தேர்ந்தெடுத்த செவ்வாயும் வியாழனும் ஆலைக்கு அலுவலகம் மிகக் குறைவாகத் தேவைப்படும் இரண்டு நாட்கள்!

இந்த எண்களை வைத்து நான் செய்வது இதுதான். திங்கட்கிழமை எல்லாருக்கும் ஆங்கர் டே. இரண்டாவது நாளைத் துறைவாரியாகப் பிரித்துவிடுவேன். பர்ச்சேஸும் பில்லிங்கும் வெள்ளி. டிசைன் பிரிவு, குவாலிட்டியும் டெஸ்டிங்கும் டீவியேஷன் கேட்கும் நாளில், பெரும்பாலும் புதனில். நிறுவனம் முழுக்க ஒரே இரண்டு நாள் என்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் டிசைன் இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வந்து என்ன செய்வார்? வீட்டில் செய்யும் அதே டிராயிங்கை ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்வார். வந்தும் பயனில்லாத ஆங்கர் டே இரண்டு மாதத்தில் செத்துவிடும். மீதி நாட்களுக்குத் துறைக்கு ஒரு பொறுப்பு ஆள். அவர் ஆலையில் இருக்க வேண்டும், அல்லது ஆலையிலிருந்து வரும் போனை 15 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். பெயரும் எண்ணும் ஸ்டோர்ஸ் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

திங்களும் வெள்ளியும் வரச் சொன்னால் அலுவலகப் பிரிவில் முணுமுணுப்பு வரும். வரட்டும். ஒரு தரப்பு மட்டும் பெறுவதும் மறுதரப்பு மட்டும் தாங்குவதுமாக இல்லை என்று ஆலையில் உள்ளவர்கள் கண்ணால் பார்க்கும் முதல் இடம் அதுதான்.

அடுத்து, யாரால் முடியும், யாரால் முடியாது என்று பிரிப்பது. பதவிப் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒவ்வொருவரின் வேலையையும் துண்டு துண்டாக எழுதிப் பாருங்கள். உங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருப்பார். வவுச்சர் கோப்பது, சப்ளையர்களின் காகித பில்லை வாங்கி முத்திரை போடுவது, பெட்டி கேஷ், கூரியர் எல்லாம் அவர் தலையில் இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பதும் மட்டும் செய்வார். இரண்டாமவருக்கு மூன்று நாள் வீடு, முதலாமவருக்கு ஒரு நாளும் கிடையாது. இருவரும் ஒரே துறை. ஏன் இப்படி? கையால் செய்யும் வேலையெல்லாம் இளையவர் மேல் வந்து குவிந்துவிட்டது, அவ்வளவுதான். அது வேலையின் இயல்பு அல்ல, பங்கு பிரித்த விதம். இருவருக்கும் இரண்டு வேலையையும் பழக்கி, வாரம் மாற்றி வாரம் ஒருவர் காகிதம் பார்த்தால், இருவருக்கும் ஒன்றரை நாளாவது கிடைக்கும். ‘முடியாது’ என்ற பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆலைக்குள் இருப்பவர்களிலும் சில பேர் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வருவார்கள். குவாலிட்டி பிரிவில் ஆய்வு அறிக்கை எழுதுவது, உற்பத்தித் திட்டம் போடுவது போன்ற வேலைகளை மாதம் இரண்டு நாளாகச் சேர்த்து வீட்டில் செய்யலாம்.

இனி இரண்டாவது குறைக்கு வருகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குக் கிடைப்பது பஸ் காசு மிச்சம் மட்டுமல்ல. ஒரு பக்கம் 40 நிமிடப் பயணம் என்றால் மூன்று நாளில் 4 மணி நேரம், மாதத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல். அதைவிடப் பெரியது, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் போய்வந்துவிட்டு ராத்திரி வேலையை முடித்துவிடலாம். அதே பள்ளிக்கூடம் அசெம்பிளி ஆளைக் கூப்பிட்டால் அவர் அரை நாள் சம்பளம் இழக்கிறார், இல்லாவிட்டால் சூப்பர்வைசரிடம் கெஞ்சுகிறார். ஒருவருக்கு நேரமாகக் கொடுத்ததை மற்றவருக்கும் நேரமாகவே கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மாதத் தொகை அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் கரைந்துவிடும். ‘அதுதான் காசு கொடுத்தாச்சே’ என்று நிர்வாகமும் காதை மூடிக்கொள்ளும்.

நம் ஊர்களில் எல்லாருக்கும் பழகிய சொல் ஒன்று இருக்கிறது, பெர்மிஷன். அதையே விரிவாக்குங்கள். சம்பளப் பிடித்தம் இல்லாமல் மாதம் இத்தனை மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக, ஷிப்டின் தொடக்கத்திலோ முடிவிலோ, இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி எடுக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. எத்தனை மணி நேரம்? 8 என்றால் 234 பேருக்கு 1,872 மணி நேரம். ஒருவர் மாதத்தில் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 208 மணி நேரம் வேலை செய்கிறார். வகுத்துப் பார்த்தால் சரியாக 9 பேரின் வேலை. எம்.டி. நெற்றியைச் சுருக்குவார். 4 மணி நேரத்தில் தொடங்குங்கள், நாலரைப் பேரின் வேலை. ஆனால் அந்த நாலரைப் பேரை ரிலீவராக உண்மையிலேயே வைக்க வேண்டும். லைனில் பதிலுக்கு ஆள் இல்லாவிட்டால் எந்த சூப்பர்வைசரும் பெர்மிஷன் தரமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மாலையில் எண்ணிக்கை கேட்பவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுங்கள். கொடுத்த மணி நேரத்தில் பாதிகூட எடுக்கப்படவில்லை என்றால், ஆட்களுக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்த லைனில் குறைவாக எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அங்கே ரிலீவர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இதோடு ஷிப்ட் பட்டியலை நான்கு வாரம் முன்பே ஒட்டுவதும், இருவர் ஒத்துக்கொண்டால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள விடுவதும் சேர்ந்தால் நல்லது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஷிப்ட் முறையையே மாற்றும் யோசனை வந்தால் மட்டும் கவனம். தொழிலாளர்களின் வேலை நேரம், ஷிப்ட் போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதேபோல், ‘அவர்களுக்கு நாலு நாள் வேலை, நாளுக்கு 12 மணி நேரம் என்று கொடுத்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தது எல்லா ஆலையிலும் நினைவிருக்கிறது. அதைவிட முக்கியம், பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு லேத் முன்னால் நிற்பவரின் விரல்கள்.

எம்.டி.யிடம் பேசும்போது ஒரு ஆய்வு உதவும். டிரிப்.காம் நிறுவனத்தின் ஷாங்காய் அலுவலகத்தில் 1,612 பேரை வைத்து நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்தி, 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத் திறனிலும் பதவி உயர்விலும் பின்னடைவு இல்லை. அலுவலகப் பிரிவுக்கு வீட்டு நாள் கொடுப்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் ஆய்வில் இருந்த எல்லாருமே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை பார்த்தவர்கள். வாசலில் லாரியோடு நிற்கும் ஸ்டோர் கீப்பரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அவரைப் பற்றி யோசிக்க உதவுவது இன்னொரு பழைய ஆய்வு. 1990-இல் ஜெரால்ட் கிரீன்பெர்க் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் ஆலைகளை ஒப்பிட்டார். இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஓர் ஆலையில் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் காரணத்தைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார். மற்றதில் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குறைப்பு ஒன்றுதான், ஆனால் சரியாக விளக்காத ஆலையில் திருட்டு அதிகமானது. சொல்லும் விதம் இவ்வளவு தூரம் போகும்.

எனக்கே அந்தப் பாடம் கசப்பாக வந்தது. பல வருடம் முன்பு நான் இருந்த ஓர் ஆலையில் வேலை நேர மாற்றத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். மின்னஞ்சல் முகவரி இருந்தது அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு மட்டும். ஆலைக்குள் இருந்தவர்களுக்குச் செய்தி மதியச் சாப்பாட்டு வரிசையில், பாதி உண்மையாகப் போய்ச் சேர்ந்தது. அன்று கேன்டீனுக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் மாற ஒரு வருடம் ஆனது.

ஆகவே நீங்கள் முதலில் சூப்பர்வைசர்களிடம் சொல்லுங்கள், மறுநாள் மூன்று ஷிப்டிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் எம்.டி. நேரில் நின்று சொல்லட்டும். ராத்திரி 10 மணி ஷிப்டுக்கும் அவரே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மின்னஞ்சல். அதே வாசகம் தமிழில் நோட்டீஸ் போர்டில். வாசகம் இப்படி இருக்கலாம்:

“அலுவலகப் பிரிவில் சிலர் வரும் 1-ஆம் தேதி முதல் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்ற பட்டியல் கீழே உள்ளது. ஆலைப் பிரிவில் பெரும்பாலோருக்கு இது கிடைக்காது. இரண்டு பிரிவுக்கும் இது சமமான ஏற்பாடு அல்ல என்பதை நிர்வாகம் அறியும். ஆலையின் தேவையை நான்கு வாரம் பதிவு செய்து, அதன்படி திங்கட்கிழமை எல்லாரும் வரும் நாளாக முடிவு செய்யப்பட்டது. மற்ற நாட்களில் ஒவ்வொரு துறையிலும் பொறுப்பு ஆள் 15 நிமிடத்துக்குள் பதில் தருவார். வீட்டில் இருப்பவர் தன் மேஜை வேலையை ஆலையில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது. ஆலைப் பிரிவினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 4 மணி நேரம் சம்பளத்துடன் பெர்மிஷன் உண்டு. இதற்காக ரிலீவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பிரிவின் பிரதிநிதிகளோடும் உட்கார்ந்து பரிசீலித்து, மாற்ற வேண்டியது மாற்றப்படும்.”

‘சமமான ஏற்பாடு அல்ல’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்வார்கள். விடாதீர்கள். அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. நிர்வாகம் அதைச் சொல்லாமல் ‘அனைவரின் நலன் கருதி’ என்று தொடங்கினால், அடுத்த வரியை யாரும் நம்பமாட்டார்கள். வீட்டு நாளுக்கு ‘சலுகை’ என்ற சொல்லும் வேண்டாம். சலுகை என்றால் தகுதி பார்த்துக் கொடுத்தது என்று ஆகிவிடும், உங்கள் ஆட்களுக்குத் தகுதி குறைவில்லை.

அறிவிப்பு வந்த பிறகு இரண்டு சின்ன விஷயங்களைக் கண்ணில் வைத்திருங்கள். வீட்டு நாட்களில் கம்பெனி பஸ் பாதி காலியாக ஓடும், ஒரு டிரிப்பை நிறுத்தலாம் என்று போக்குவரத்துப் பிரிவு எழுதும். நிறுத்தினால் கஷ்டப்படுவது ஆலைப் பிரிவினர். கேன்டீன் கான்ட்ராக்டருக்குத் தட்டுக் கணக்கில் பணம் கொடுப்பதாக இருந்தால், அந்த நாட்களில் எத்தனை தட்டு குறைகிறதோ அத்தனைக்கும் அவர் தன் ஆட்களைக் குறைப்பார். பாத்திரம் கழுவும் அம்மாவின் வேலை உங்கள் அறிவிப்பால் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்சத் தட்டு எண்ணிக்கை ஒன்றை இப்போதே எழுதிவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். தீபாவளி போனஸ் பேச்சு நடக்கும் வாரங்களில் இதை ஒட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, பெர்மிஷன் மணி நேரத்தைப் போனஸ் சதவீதத்தில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நான்கு வார நோட்டுக்கும், ஷிப்ட் முறையை மாற்றுவதாக இருந்தால் 21 நாள் முன்னறிவிப்புக்கும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் போய்விடும். அதைக் கணக்கிட்டுப் பின்னாலிருந்து தேதியைக் குறியுங்கள். அதற்கும் முன்னால், நாளைக்கே டெஸ்டிங் பக்கம் போய் அந்த நான்கு பேரைப் பாருங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அவர்களிடமே கொடுத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.